நோயாளியின் படம்: ஒப்புதல் படிவம் சொல்ல வேண்டியவை

அறுவைச் சிகிச்சைக்கு முன் நம் மருத்துவமனைகள் கையெழுத்து வாங்கும் படிவத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். மயக்க மருந்து, இரத்தம் ஏற்றுதல், எதிர்பாராத சிக்கல்கள் என்று நீளும் பத்திகளுக்கு நடுவே ஒரு வரி இருக்கும். சொற்கள் இடத்துக்கு இடம் மாறினாலும் பொருள் ஏறக்குறைய இதுதான்: ‘என் அடையாளம் வெளிப்படாதவாறு, மருத்துவக் கல்விக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் என்னைப் புகைப்படம் எடுத்துப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்.’ கையெழுத்துப் போடுபவரின் கவனமெல்லாம் மறுநாள் அறுவையில் இருக்கும். இந்த வரியை யாரும் அவருக்குப் படித்துக்காட்டுவதில்லை.

ஆனால் இந்த ஒரு வரியின் பலத்தில்தான் படம் வகுப்பறைத் திரைக்குப் போகிறது, மாநாட்டுக்குப் போகிறது, இதழுக்குப் போகிறது, கடைசியில் இணையத்தில் யார் தேடினாலும் கிடைக்கும் இடத்துக்கும் போய்ச் சேருகிறது. இத்தனை இடங்களையும் ‘கல்வி’ என்ற சொல்லில் அடக்கிவிட முடியுமா, அடையாளம் வெளிப்படாது என்ற உறுதியைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தால், இரண்டுமே முடியாது என்றுதான் தோன்றுகிறது. படிவத்தை வரிவரியாக வேறு விதமாக எழுத வேண்டும்.

முதலில் விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட நடத்தை விதிகளில் 7.17-ஆம் பிரிவு இதைப் பற்றியது. நோயாளியின் அடையாளம் தெரியும் வகையில் அவருடைய படத்தையோ நோய் விவரத்தையோ அவர் அனுமதியின்றி எந்த இதழிலும் வெளியிடக் கூடாது என்கிறது அது. அதற்கடுத்த வாக்கியம், அடையாளம் வெளியிடப்படாவிட்டால் ஒப்புதல் தேவையில்லை என்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை அறிவித்தது; அதே மாதத்தில் அவற்றை நிறுத்திவைத்தது. ஆகவே 2002 விதிகளே தொடர்கின்றன.

சிக்கல் அந்த இரண்டாம் வாக்கியத்தில் இருக்கிறது. அடையாளம் தெரிகிறதா இல்லையா என்பதைப் படம் எடுத்த மருத்துவரே முடிவு செய்துகொள்ள அது இடம் கொடுக்கிறது. கண்களின் மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டதும், இனி யாருக்கும் தெரியாது, கையெழுத்தும் வேண்டாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு தன் பரிந்துரைகளில் இதை வெளிப்படையாக மறுக்கிறது. கண் பகுதியை மறைப்பது போதுமான பாதுகாப்பு ஆகாது. அடையாளம் தெரியாமல் போகுமா என்று சிறிதளவு ஐயம் இருந்தாலும் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது அதன் நிலை.

பொதுவாகப் பேசுவதை விட ஒரு நோயாளியை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். இவர் கற்பனையானவர்தான், ஆனால் இப்படிப்பட்டவர்கள் தோல் நோய்ப் பிரிவுகளுக்கு வரவே செய்கிறார்கள். நாற்பது வயதைக் கடந்த பெண், கைத்தறி நெசவு செய்பவர். முகத்தோல் தடித்துப் பளபளக்கிறது, புருவத்தின் வெளிப்பாதியில் முடி உதிர்ந்திருக்கிறது, காது மடல்களில் சிறு முடிச்சுகள். பரிசோதனையில் லெப்ரோமேட்டஸ் வகைத் தொழுநோய் என்று உறுதியாகிறது. பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எளிதில் கிடைக்காது. தோல் நோய்ப் பாடநூல்கள் நெடுங்காலமாக வெள்ளைத் தோலை வைத்தே எழுதப்பட்டவை. அவற்றில் சிவப்பாகத் தெரியும் ஒரு தடிப்பு நம் தோலில் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும். சில வேளை கண்ணுக்கே படாது. நம் மக்களின் படங்கள் நம் மாணவர்களுக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதனால்தான் கேட்கும் முறையும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறேன்.

இந்தப் பெண்ணின் முகத்தை நேராக எடுத்துக் கண்ணில் பட்டை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டை கொஞ்சம் அகலமாக இருந்தால் புருவம் மறைந்துவிடும். மாணவர் பார்க்க வேண்டிய முக்கிய அறிகுறியே போய்விட்டது. ஆனால் மூக்குத்தி தெரிகிறது, தாடை தெரிகிறது, நெற்றியில் இருக்கும் மச்சம் தெரிகிறது, கழுத்தில் தாலிக்கயிறு தெரிகிறது. அவருடைய தெருவில் இருப்பவர் எவரும் ஒரு நொடியில் பெயர் சொல்லிவிடுவார். பாடமும் கெட்டது, மறைப்பும் பலிக்கவில்லை. இதற்குப் பதிலாகப் புருவத்தை மட்டும் நெருக்கமாக ஒரு படம், காது மடலை மட்டும் ஒரு படம் என்று எடுத்தால் இரண்டு அறிகுறிகளும் முழுமையாகக் கிடைக்கும், ஆளும் ஏறக்குறைய மறைந்துவிடுவார். முகத்தோல் முழுவதும் தடித்திருப்பதைக் காட்டத்தான் முழு முகம் வேண்டும். அந்த ஒரு படத்துக்குத் தனியாக, அந்தப் படத்தையே காட்டிக் கேட்க வேண்டும்.

முகம் இல்லாத படமும் ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடும். முன்கையில் பச்சை குத்திய பெயர், கழுத்துத் தாயத்து, இடுப்பின் அரைஞாண், பழைய தீக்காயத் தழும்பு, படத்தின் ஓரத்தில் விழுந்த ஓ.பி. சீட்டு எல்லாம் அதற்குப் போதும். கட்டுரையின் வாசகமும் காட்டிக்கொடுக்கும். ‘நெசவுத் தொழில் செய்யும் 43 வயதுப் பெண்’ என்ற வரியின் மேலே, கட்டுரை எழுதிய மருத்துவர்களின் பெயருக்கு அடியில், அவர்கள் பணிபுரியும் கல்லூரியும் ஊரும் அச்சாகியிருக்கும். தொழில், வயது, ஊர், வந்த மாதம் என்று சேர்த்துப் படித்தால் ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஆகையால் படத்துக்கு மட்டும் ஒப்புதல் வாங்குவது பாதி வேலைதான். நோயாளியைப் பற்றி எழுதப்படும் வாசகத்துக்கும் சேர்த்து வாங்க வேண்டும்.

தொழுநோய் விஷயத்தில் இதன் விலை பெரிது. வாழ்க்கைத்துணைக்குத் தொழுநோய் இருப்பது விவாகரத்துக்கு ஒரு காரணம் என்று இந்தியத் திருமணச் சட்டங்கள் பலவற்றில் எழுதியே வைத்திருந்தார்கள். 2019-இல் தனிநபர் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் அது நீங்கியது. சட்டத்திலிருந்து நீங்கிவிட்டாலும் ஊர்ப் பேச்சிலிருந்து நீங்கிவிடவில்லை. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இப்படி ஒரு படம் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்துத்தான் படிவத்தை எழுத வேண்டும்.

அப்படியானால் படிவம் என்ன சொல்லி உறுதி தர வேண்டும்? ‘அடையாளம் தெரியாது’ என்று சொல்லக் கூடாது. பி.எம்.ஜே. இதழின் ஒப்புதல் படிவம் இதில் நேர்மையாக இருக்கிறது. பெயர் வெளியிடப்படாது, ஆனால் முழுமையான மறைப்புக்கு உறுதி தர முடியாது, எங்கேனும் யாரேனும், உதாரணமாக உறவினரோ சிகிச்சை தந்தவர்களோ, அடையாளம் காணக்கூடும் என்று அது நோயாளியிடம் சொல்லிவிடுகிறது. இந்திய இதழ்கள் பல கட்டுரையின் முடிவில் அச்சிடும் ஒப்புதல் அறிவிப்பிலும் இதே பொருள் இருக்கிறது. விந்தை என்னவென்றால், அடையாள மறைப்புக்கு உறுதி தர முடியாது என்பதை நோயாளி புரிந்துகொண்டிருக்கிறார் என்று இதழில் அச்சாகிறது. அவர் கையெழுத்திட்ட மருத்துவமனைப் படிவத்திலோ அடையாளம் வெளிப்படாது என்று இருக்கிறது. ஒரே ஒப்புதலுக்கு இப்படி இரு முரணான வாசகங்கள். கட்டுரை அனுப்பும் மருத்துவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இந்தத் தவறு பிடிபடும்.

அடுத்தது, ‘கல்வி, ஆராய்ச்சி’ என்ற மூட்டையை அவிழ்ப்பது. பிரிட்டனில் மருத்துவப் படப்பிடிப்புப் பிரிவுகள் மூன்று படிகளாக ஒப்புதல் வாங்குவது பழைய வழக்கம். முதல் படி நோயாளியின் பதிவேட்டுக்கு மட்டும், இரண்டாவது கற்பிப்பதற்கு, மூன்றாவது வெளியீட்டுக்கு. ஒவ்வொரு படிக்கும் தனிக் கையெழுத்து. ஒன்றுக்குச் சரி சொல்லி மற்றதை மறுக்கலாம். நமக்கும் இது பொருந்தும். ஆனால் இரண்டாம் படியை உடைக்க வேண்டும் என்பது என் கருத்து. துறைக்குள் முப்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பு வேறு, வெளியூர் மாநாட்டு அரங்கு வேறு. அரங்கில் திரையில் வரும் ஒவ்வொரு படத்தையும் செல்பேசியில் எடுத்துக்கொள்கிறார்கள். மதிய உணவுக்குள் அது வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடும். அந்த அரங்கை வகுப்பறை என்று எண்ணி ஒருவர் சம்மதித்தால் அது அறிந்து தந்த சம்மதம் ஆகாது.

மூன்றாம் படியில் ‘மருத்துவ இதழ்’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. இதழ் என்றால் டாக்டர்கள் படிக்கும் புத்தகம் என்றுதான் நோயாளி நினைப்பார். இன்று கணிசமான இதழ்கள் இணையத்தில் யாரும் காசின்றிப் படிக்கத் திறந்திருப்பவை. அவற்றில் பல, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளிவருகின்றன. அந்த உரிமங்களில் மிகத் தாராளமானது, மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் படத்தை எடுத்து வேறிடத்தில் வெளியிடலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்கிறது. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. முகப்பூச்சு விளம்பரத்தில் ‘முன்பு’ என்ற தலைப்பின் கீழ் அந்தப் படம் வந்தால் தடுப்பதற்கு உரிமத்தில் வழியில்லை. வேறு சட்டங்களைத்தான் தேடிப் போக வேண்டும். நோயாளியிடம் உரிமத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அதனால் என்ன நடக்கக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து அந்தப் பெண்ணிடம் கொடுக்கும் படிவம் எப்படி இருக்கலாம் என்று எழுதிப் பார்க்கிறேன். தலைப்புக்கு அடுத்த முதல் வரியாக இது இருக்க வேண்டும்: ‘கீழே உள்ளவற்றில் எதற்கும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னாலும் உங்கள் சிகிச்சையும் மருந்தும் இப்போது போலவே கிடைக்கும்.’ வழக்கமாக இது படிவத்தின் அடியில், கையெழுத்துக்கு மேல் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படித்த பிறகுதான் மற்றவற்றைச் சுதந்திரமாகப் படிக்க முடியும் என்பதால் இடம் மாற்றுகிறேன்.

பிறகு முதல் படி: ‘என் உடலின் ________ பகுதியை என் சிகிச்சைக்காகப் படம் எடுக்கலாம். படங்கள் என் மருத்துவப் பதிவேட்டில் இருக்கும். எனக்குச் சிகிச்சை தருபவர்கள் மட்டும் பார்ப்பார்கள். ஆம் / இல்லை.’ இரண்டாவது: ‘இந்தக் கல்லூரி மாணவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பாடம் நடத்தும்போது இந்தப் படங்களைக் காட்டலாம். ஆம் / இல்லை.’ மூன்றாவது: ‘மற்ற இடங்களில் நடக்கும் மருத்துவக் கூட்டங்களில் காட்டலாம். அங்கே இருப்பவர்கள் செல்பேசியில் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பக்கூடும் என்று எனக்குச் சொன்னார்கள். ஆம் / இல்லை.’

நான்காவது நீளமானது, அதில் சுருக்கம் கூடாது. ‘நான் பார்த்த, கீழே எண் குறித்துள்ள படங்களையும், என் நோயைப் பற்றி எழுதி எனக்குப் படித்துக்காட்டிய விவரத்தையும் மருத்துவ இதழிலோ புத்தகத்திலோ வெளியிடலாம். என் பெயர் வராது. ஆனாலும் என்னைத் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்து இது நான்தான் என்று கண்டுபிடிக்கக்கூடும். இணையத்தில் மருத்துவர் அல்லாதவர்களும் பார்ப்பார்கள். வேறு யாரும் அதை எடுத்து வேறிடத்தில் வெளியிட்டால் இந்த மருத்துவமனையால் தடுக்க முடியாமல் போகலாம். இதற்காக எனக்குப் பணம் கிடையாது. வெளியாகும் வரை எந்த நாளிலும் நான் வேண்டாம் என்று சொல்லலாம். வெளியான பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. படம் எண்: ____. ஆம் / இல்லை.’

திரும்பப் பெறுவதைப் பற்றிய அந்த இரண்டு வாக்கியங்களைத்தான் பல படிவங்கள் விழுங்கிவிடுகின்றன. ‘எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம்’ என்று பெருந்தன்மையாக எழுதிவிடுகிறார்கள். ஆராய்ச்சிகளுக்கான படிவத்திலிருந்து பெயர்த்து எடுத்த வரி அது; இங்கே உண்மையாகாது. வகுப்புக்குக் காட்டும் படத்தை நாளையே நீக்கிவிடலாம். பதிவேட்டுப் படம் சிகிச்சை ஆவணம் என்பதால் இருக்கும். அச்சில் வந்ததை ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு படிக்கும் திரும்பும் வழி வெவ்வேறு இடத்தில் முடிகிறது என்பதைப் படியோடு சேர்த்தே எழுத வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. கொடுத்தது போல எளிதாகவே ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது அது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் வேண்டியதைத் தேர்ந்து படிக்க வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்ப் படிவம் என்பது இனி கருணை சார்ந்த விஷயம் இல்லை. திரும்பப் பெற விரும்புபவர் யாரிடம், எந்த எண்ணில் சொல்ல வேண்டும் என்ற வரியும் படிவத்தில் வேண்டும். அது துறையின் எண்ணாக இருக்கட்டும். மூன்று ஆண்டில் படிப்பை முடித்துப் போய்விடும் மாணவரின் செல்பேசி எண் உதவாது.

எப்போது கேட்பது என்பதும் படிவத்தின் ஒரு பகுதியே. தொழுநோய் என்று சொன்ன அன்றே நான்கு படிகளையும் நீட்டினால் அந்தப் பெண்ணுக்கு எதுவும் காதில் விழாது. ஆனால் மருந்து தொடங்குமுன் ஒரு படம் பதிவேட்டுக்குத் தேவை. அதனால் அன்றைக்கு முதல் படி மட்டும் போதும். இவ்வகைக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை 12 மாதம். மாத்திரை அட்டை 28 நாளுக்கு ஒன்றாகத் தரப்படுகிறது. இரண்டாவது அல்லது மூன்றாவது அட்டைக்கு அவர் வரும்போது அச்சம் சற்றுத் தணிந்திருக்கும், கேள்வி கேட்கத் தைரியம் வந்திருக்கும். மற்ற படிகளை அப்போது கேட்கலாம். அதற்குள் குளோஃபாசிமின் மருந்தால் அவர் தோல் கறுக்கத் தொடங்கியிருக்கும். அந்த மாற்றத்தையும் படம் எடுக்க மருத்துவர் விரும்புவார். முதல் நாள் படத்துக்குக் கொடுத்த சம்மதம் ஆறாம் மாதப் படத்துக்குச் செல்லாது. படிவத்தில் நாளும் பட எண்ணும் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

கேட்பவர் யார் என்பதிலும் கவனம் வேண்டும். கட்டுரையில் தன் பெயர் வர வேண்டும் என்ற ஆவலுடன் இருக்கும் மருத்துவரே கேட்கும்போது, அவர் கையிலிருந்துதான் மருந்தும் வரும் என்று தெரிந்த நோயாளி ‘இல்லை’ என்று சொல்வது கடினம். செவிலியரோ சமூகப் பணியாளரோ கேட்டால் அந்தப் பாரம் குறையும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கிறார் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் ஆய்வுகளுக்குச் சொல்வதைப் பின்பற்றுவது நல்லது: படித்துக்காட்டும்போது நடுநிலையான, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி உடன் இருந்து அவரும் கையெழுத்திட வேண்டும். கணவரோ மாமியாரோ அந்தச் சாட்சியாகும் முன், நோய் அவர்களுக்குத் தெரியுமா என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டுவிட வேண்டும்.

குழந்தைகளுக்காகப் பெற்றோர் கையெழுத்திடுகிறார்கள். அதே நெறிமுறைகள் 7 வயதிலிருந்து குழந்தையின் வாய்மொழி இசைவையும், 12 வயதுக்குப் பிறகு எழுத்து இசைவையும் ஆய்வுகளுக்குக் கேட்கின்றன. படத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். எட்டு வயதுக் குழந்தை ஆடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறது என்றால், அப்பா கையெழுத்துப் போட்டிருந்தாலும் படம் எடுக்கக் கூடாது. பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, படம் உட்பட அடையாளம் எதுவும் ஊடகத்தில் வெளிவருவதையே தடுக்கிறது. அங்கே பெற்றோர் கையெழுத்தை நம்பி முகம் தெரியும் படத்தை வெளியீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இனி செல்பேசி. படிவம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், படம் மாணவரின் சொந்தப் போனில் இருந்தால் ‘சிகிச்சை தருபவர்கள் மட்டும் பார்ப்பார்கள்’ என்ற வரி பொய்யாகிவிடும். போன் தானாகவே படத்தை மேகச் சேமிப்புக்கு அனுப்பிவிடுகிறது. வீட்டில் குழந்தை விளையாடும்போதும் அது திரையில் வரும். எடுத்த நேரமும், இருப்பிட வசதி இயங்கியிருந்தால் இடமும், படக்கோப்பிலேயே பதிந்திருக்கும். துறைக்கென ஒரு கேமரா, ஒரு கணினி, பார்க்க உரிமை உள்ளவர்களின் பட்டியல் என்று இருந்தால்தான் படிவத்தில் ‘எங்கே வைக்கப்படும்’ என்ற கட்டத்தை நேர்மையாக நிரப்ப முடியும். அந்த ஏற்பாடு இல்லாத துறை முதலில் அதைச் செய்துவிட்டுப் படிவம் அச்சிடட்டும்.

நடைமுறையில் அதிகம் தடுக்கி விழும் இடம் காலம். படம் எடுத்து ஓராண்டு கழித்துக் கட்டுரை எழுதப்படும். இதழ் தன்னுடைய படிவத்தில்தான் கையெழுத்து வேண்டும் என்னும், பி.எம்.ஜே. அப்படிக் கேட்கும் இதழ்களில் ஒன்று. இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவும் அடையாளம் தெரியக்கூடிய நோயாளிக்கு வெளியிடப்போகும் கட்டுரையைக் காட்ட வேண்டும் என்கிறது. நெசவு குறைந்து அந்தப் பெண் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார், போன் எண் மாறியிருக்கும். அப்போது பழைய கையெழுத்தை இழுத்து நீட்டக் கூடாது. முழு முகப் படத்தை விட்டுவிட்டு, புருவமும் காது மடலும் மட்டும் உள்ள படங்கள் போதுமா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் போதும். அவற்றுக்கும் கட்டுரையில் ஊர், தொழில், மாதம் வேண்டியதில்லை. ‘நாற்பதுகளில் உள்ள பெண்’ என்பது போதும். ஆனால் மறைப்பதற்காக ஆணென்று மாற்றுவதோ வயதைத் திரிப்பதோ கூடாது. அது அறிவியல் பதிவையே பொய்யாக்கும்.

கையெழுத்தான படிவத்தை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் பெயர், முகவரி, நோய், படம் எல்லாவற்றையும் ஒரே தாளில் இணைக்கும் ஆவணம் அதுதான். இதழுக்கு அனுப்பினால் அந்த இணைப்பு இன்னொரு அலுவலகத்துக்கும் போகிறது. மூலத்தை மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டு, ஒப்புதல் பெறப்பட்டது என்ற எழுத்துப்பூர்வ உறுதியை மட்டும் அனுப்புவதைச் சில இதழ்கள் ஏற்கின்றன. ஏற்குமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. நோயாளிக்கும் ஒரு பிரதி தர வேண்டும், அது அவர் உரிமை. அந்தத் தாள் வீட்டில் அலமாரியிலோ துணிப்பையிலோ கிடக்கும்; பள்ளிக்குப் போகும் பிள்ளை எடுத்துப் படிக்கும். ஆகவே பிரதியின் எந்த மூலையிலும் நோயின் பெயரோ துறையின் முத்திரையோ வேண்டாம். பதிவு எண், படங்களின் எண், தேதி, எதற்கெல்லாம் சம்மதித்தார் என்ற குறிகள், வேண்டாம் என்று சொல்ல அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை இருந்தால் போதும். அதையும் வீட்டுக்கு எடுத்துப் போக விருப்பமில்லை என்றால், அவர் பெயரில் பதிவேட்டிலேயே வைத்து, கேட்கும்போது கொடுக்கலாம்.